ஏழாம் மாதம் நான்கா, நான்காம் மாதம் ஏழா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கணினி வேலைகளில் அவ்வப்போது உதவி செய்வேன். 2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலையில் அங்கே மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார்.

"அண்ணா, பையர் குடுத்த ஆர்டர் பட்டியலை ஸ்கேன் பண்ணி எக்செல்ல ஏத்திட்டேனுங்க. தேதியில பாதி வலது பக்கம் நிக்குது, பாதி இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. எப்படிச் சரி பண்றதுங்க?"

"எதையும் தொடாதீங்க தம்பி. அந்த ஃபைலை மூடிட்டு, ஸ்கேனை மட்டும் எடுத்து வைங்க. வர்றேன்" என்றேன்.

அவர் அதை வரிசை ஒழுங்குப் பிரச்சினை என்று நினைத்திருந்தார். எக்செல் ஒரு தேதியைத் தேதியாகப் புரிந்துகொண்டால் அதை எண்ணாக மாற்றி வலது பக்கம் நிறுத்தும். புரியாவிட்டால் வெறும் எழுத்தாக இடது பக்கம் விட்டுவிடும். அவருடைய கணினி இந்திய முறைக்கு அமைக்கப்பட்டது; நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எதிர்பார்க்கும். பையர் அமெரிக்கர். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். பட்டியலில் 08/22/2025 என்று இருந்ததை எக்செலால் படிக்க முடியவில்லை, 22-ஆம் மாதம் கிடையாது அல்லவா? அது இடது பக்கம் நின்றது. 08/01/2025 என்பதையோ தயக்கமே இல்லாமல் ஜனவரி 8 என்று எடுத்துக்கொண்டு வலது பக்கம் நிறுத்திவிட்டது. உண்மையில் அது ஆகஸ்ட் 1.

இடது பக்கம் நிற்பவை குறையைத் தாமே சொல்லிவிடுகின்றன. வலது பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் ஆபத்து. முடிந்துபோன ஷிப்மென்ட்களை மறைக்க ஃபில்டர் போட்டால் அந்த ஆகஸ்ட் ஆர்டர் ஜனவரி ஆர்டராகக் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

ஆண்டில் இப்படி இரண்டு விதமாகவும் படிக்கக்கூடிய நாட்கள் எத்தனை? ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள், 12 மாதத்துக்கு 144. அவற்றில் 08/08 போல எப்படிப் படித்தாலும் மாறாதவை 12. மிச்சம் 132 நாட்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கணினியின் தேதி அமைப்பை அமெரிக்க முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். முழுப் பட்டியலும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் அது சரிதான். இங்கே அப்படி இல்லை. ஸ்கேனைப் புரட்டிப் பார்த்தபோது முதல் இரண்டு பக்கங்களில் 08/22/2025, 06/27/2025 என்று இருந்தன. மூன்றாம் பக்கத்தில் 18/07/2025, 25/07/2025. அந்தப் பக்கத்தை உள்ளூர் பையிங் ஆபீஸில் தட்டச்சு செய்து சேர்த்திருந்தார்கள். ஒரே பட்டியலில் இரண்டு வழக்கம். எந்த அமைப்பை வைத்தாலும் ஒரு பகுதி கெடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக, அந்த வரியில் இருக்கும் சாட்சியை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் வேலை, எக்செல் தன் இஷ்டத்துக்கு மாற்றாமல் தடுப்பது. காலியான ஷீட்டில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Format Cells` பகுதியில் `Text` என்று வைத்துவிட்டு, அதன் பிறகு ஓ.சி.ஆர். தந்ததை ஒட்டினோம். இப்போது 46 வரிகளும் ஸ்கேனில் படித்தபடியே எழுத்தாக நின்றன. இந்த நெடுவரிசையைக் கடைசி வரை திருத்தக் கூடாது. தீர்மானம் எல்லாம் பக்கத்து நெடுவரிசைகளில்தான்.

அடுத்து வடிவம். ஓ.சி.ஆர். சாய்கோட்டை 1 என்று படிப்பது அடிக்கடி நடக்கும். 07/04/2025 என்பது 0710412025 ஆகிவிடும். இரண்டுக்கும் நீளம் பத்தே எழுத்துகள் என்பதால் நீளத்தை எண்ணினால் பிடிபடாது. மூன்றாவது, ஆறாவது இடங்களில் சாய்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் இரண்டு வரிகள் இப்படி அகப்பட்டன. காகிதத்தைப் பார்த்துத் திருத்தியதைத் தனி நெடுவரிசையில் எழுதினோம்.

பிறகு ஒவ்வொரு தேதியையும் இரண்டு விதமாகவும் படித்துப் பக்கத்தில் வைத்தோம். மூலம் C-இல் இருக்கிறது. D-இல் மாதம் முதலில், E-இல் நாள் முதலில்:

```
=IF(--LEFT(C2,2)<=12, DATE(RIGHT(C2,4),LEFT(C2,2),MID(C2,4,2)), "")
=IF(--MID(C2,4,2)<=12, DATE(RIGHT(C2,4),MID(C2,4,2),LEFT(C2,2)), "")
```

தொடக்கத்தில் இருக்கும் `IF` சோதனையை வீண் என்று விட்டுவிடாதீர்கள். `DATE` என்பது தப்பைத் தப்பென்று சொல்லாது. மாதம் 22 என்று கொடுத்தால் 2025 ஜனவரியிலிருந்து எண்ணிக்கொண்டே போய் 2026 அக்டோபரில் ஒரு தேதியைக் கொடுத்துவிடும். நாமும் நம்பிவிடுவோம்.

இந்தச் சூத்திரங்களைப் போட்டதும் பட்டியல் தானாகப் பிரிந்தது. 19 வரிகள் மாதம் முதலில் என்றால் மட்டுமே பொருந்தின. 6 வரிகள் நாள் முதலில் என்றால் மட்டுமே பொருந்தின. 08/08/2025 என்ற ஒரு வரிக்கு இரண்டும் ஒன்றே. மிச்சம் 20 வரிகள் இரண்டுக்கும் இடம் கொடுத்தன.

இங்கேதான் தம்பியின் அனுபவம் கைகொடுத்தது. அந்த நெடுவரிசை எக்ஸ்-ஃபேக்டரி தேதி, அதாவது சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள். "இந்த பையருக்கு எப்பவும் வெள்ளிக்கிழமைதானுங்க அண்ணா" என்றார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சந்தேகமில்லாத 25 வரிகளில் சோதித்தோம். `=TEXT(D2,"ddd")` என்று போட்டால் கிழமை வரும். 24 வரிகள் வெள்ளி. ஒன்று மட்டும் 07/23/2025, புதன். காகிதத்தில் பார்த்தால் 07/25. ஐந்தை மூன்று என்று ஓ.சி.ஆர். படித்திருக்கிறது. கிழமைச் சோதனை நாள்-மாத வரிசையை மட்டுமல்ல, தவறாகப் படித்த எண்ணையும் காட்டிக்கொடுக்கிறது.

இனி அந்த 20 வரிகள். முதல் பக்கத்தில் 07/04/2025. ஏப்ரல் 7 என்றால் திங்கள், ஜூலை 4 என்றால் வெள்ளி. எனவே ஜூலை 4. மூன்றாம் பக்கத்தில் 04/07/2025. அதுவும் ஏப்ரல் 7 என்றால் திங்கள், ஜூலை 4 என்றால் வெள்ளி. எழுத்தில் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்த இரண்டு வரிகளும் ஒரே நாளைக் குறித்தன! எந்த ஒரு அமைப்பை வைத்து ஏற்றியிருந்தாலும் அவற்றில் ஒன்று மூன்று மாதம் தள்ளிப் போயிருக்கும். இப்படியே 16 வரிகள் தீர்ந்தன.

ஒரு வரி எப்படிப் படித்தாலும் வெள்ளியாக வரவில்லை: 06/08/2025. ஜூன் 8 ஞாயிறு, ஆகஸ்ட் 6 புதன். இரண்டும் பொருந்தாவிட்டால் மூலத்தைச் சந்தேகிக்க வேண்டும். காகிதத்தில் 06/06/2025 என்று இருந்தது. ஜூன் 6, அந்த வாரமே போக வேண்டிய சரக்கு. தம்பி உடனே எழுந்து பேக்கிங் பகுதிக்கு ஓடினார்.

மூன்று வரிகளில் இரண்டு வாசிப்புமே வெள்ளிக்கிழமை. 09/05/2025 என்று இரண்டு வரிகள், 11/07/2025 என்று ஒன்று. இதற்குக் காரணம் உண்டு. எந்த ஆண்டை எடுத்தாலும் மே 9-உம் செப்டம்பர் 5-உம் ஒரே கிழமையில் வரும். ஜூலை 11-உம் நவம்பர் 7-உம் அப்படியே. கணித அறிஞர் ஜான் கான்வே, எந்தத் தேதிக்கும் மனக்கணக்காகக் கிழமை சொல்ல வகுத்த முறையில் இந்த நான்கு நாட்களும் அடையாள நாட்கள். நாள்-மாதத்தை எப்படி மாற்றிச் சொன்னாலும் கிழமை மாறாது என்பது அவருக்கு வசதி, நமக்குச் சிக்கல். 2025-இல் அந்தக் கிழமை வெள்ளியாகவே அமைந்துவிட்டது.

ஆகவே வேறு சாட்சி வேண்டும். பட்டியலில் ஆர்டர் தேதி என்று இன்னொரு நெடுவரிசை இருந்தது. 09/05 வரிகள் இரண்டுக்கும் ஆர்டர் தேதி 05/23/2025, அதாவது மே 23. மே 23-இல் போட்ட ஆர்டர் மே 9-இல் கிளம்ப முடியாது. அது செப்டம்பர் 5. இடைவெளி 105 நாட்கள். தெளிவான வரிகளில் இருந்த 85 முதல் 110 நாள் இடைவெளிக்குள் அடங்கியது.

கடைசி வரி 11/07. அதன் ஆர்டர் தேதி 11/04/2025. ஜூன் மாதம் கையில் இருக்கும் பட்டியலில் நவம்பர் 4 என்ற ஆர்டர் தேதி இருக்க வழியில்லை. ஏப்ரல் 11 என்றே கொள்ள வேண்டும். அங்கிருந்து ஜூலை 11 என்றால் 91 நாட்கள், நவம்பர் 7 என்றால் 210 நாட்கள். வரி இருந்ததோ மூன்றாம் பக்கத்தில். நாள் முதலில் என்று தீர்ந்த வரிகள் அத்தனையும் அதே பக்கத்தைச் சேர்ந்தவை. எல்லாம் ஜூலை 11-ஐயே காட்டின. ஆனாலும் 210 நாள் ஆர்டர் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. அந்த வரியில் 7,200 உருப்படிகள். ஜூலையை நவம்பர் என்று எடுத்துக்கொண்டால் நூல்கூட வாங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு விமானத்தில் அனுப்பி நஷ்டப்பட வேண்டியதுதான். இந்த இடத்தில் ஊகத்தை நிறுத்திவிட்டு பையிங் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். "July 11 or November 7?" என்று மாதத்தை எழுத்தில் எழுதி. 11/07 என்றே எண்ணில் கேட்டிருந்தால் குழப்பம் திரும்பவும் எங்களிடமே வந்திருக்கும்.

தீர்ந்த தேதிகளை F நெடுவரிசையில் வைத்து, `yyyy-mm-dd` என்ற வடிவம் கொடுத்தோம். 2025-07-04 என்று எழுதினால் இந்திய அமைப்பும் அமெரிக்க அமைப்பும் அதை ஜூலை 4 என்றே படிக்கும். பக்கத்தில் G-இல் ஒவ்வொரு வரிக்கும் காரணம்: "நாள் 12-க்கு மேல்", "வெள்ளி", "ஆர்டர் தேதி", "காகிதம் பார்த்தது", "கேட்டது". ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் பதில் அங்கே இருக்கும். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

உங்கள் பட்டியலில் வெள்ளிக்கிழமை வழக்கம் இருக்காது. ஞாயிறு விடுமுறையோ, வரிசையாக ஏறும் ரசீது எண்ணோ, பிறந்த நாளுக்குப் பின்னால்தான் வர முடியும் என்ற சேர்க்கை நாளோ இருக்கும். அதைத் தெளிவான வரிகளில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு சந்தேக வரிகளுக்குப் பயன்படுத்துங்கள். சாட்சியே இல்லாத வரிக்குத் தேதி போடாமல் காலியாக விடுங்கள். தவறான தேதியை யாரும் தேட மாட்டார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள்.

மறுநாள் பையிங் ஆபீஸிலிருந்து பதில் வந்தது: ஜூலை 11. பட்டியல் அச்சடித்து அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தை எண்ணில் போடாதீர்கள், `04-Jul-2025` என்று எழுத்தில் போடுங்கள்.