கீழே பார்க்கிங், மேலே வீடு: நிலநடுக்கம் வந்தால் முதலில் உடைவது எது?

2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை 8.46 மணி. குஜராத்தின் புஜ் பகுதியை 7.7 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில் இருக்கும் அகமதாபாத்திலும் ஏராளமான அடுக்குமாடிகள் சரிந்தன. சரிந்தவற்றில் பலவற்றுக்கு ஒரு ஒற்றுமை உண்டு: தரைத்தளம் முழுக்க பார்க்கிங். வெறும் தூண்கள்தான், சுவரே கிடையாது.

நம்ம ஊரில் 'ஸ்டில்ட்' என்று சொல்கிறோமே, அதேதான். சென்னையும் 2002-ம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் சேர்க்கப்பட்டது.

சுவர் இல்லைன்னா என்ன ஆகும்?

நிலநடுக்கம் கட்டிடத்தை மேலிருந்து அழுத்துவதில்லை, பக்கவாட்டில் ஆட்டுகிறது. மேல்மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை ஒரே பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதையும் கீழே இருக்கும் தூண்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இரும்பு பீரோவை நாலு மெல்லிய குச்சி மேல் நிறுத்தி, தரையை இழுத்துப் பாருங்கள். பீரோவுக்கு ஒன்றும் ஆகாது, குச்சிதான் மடங்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உயரம். தூணின் உயரம் கூடும்போது அதன் விறைப்பு மும்மடிக் கணக்கில் குறையும். மேல்மாடி 10 அடி, பார்க்கிங் 12 அடி என்றால், அதே அளவு தூண் கீழே சுமார் 58 சதவீத விறைப்போடுதான் நிற்கும். வெறும் 2 அடிக்கு இவ்வளவு இழப்பு! சுவர் இல்லாத பலவீனம் இதற்கு மேல் தனி.

டிசைன் செய்யும்போது இது தெரியாதா என்று கேட்கலாம். பல கணக்கீடுகளில் செங்கல் சுவரை எடையாக மட்டும் சேர்ப்பார்கள், அது தரும் விறைப்பை விட்டுவிடுவார்கள். அதனால் காகிதத்தில் எல்லா மாடியும் ஒரே மாதிரி தெரியும். நிஜத்தில் கீழ்த்தளம் மட்டும் தொளதொள.

ஒரு கிரவுண்டு மனையில் எப்படி திட்டமிடலாம்?

40-க்கு 60 அடி மனை. சுற்றிலும் இடம் விட்டு, 30 அடி அகலத்தில் கட்டிடம். லிஃப்டையும் படிக்கட்டையும் பின்பக்க இடது மூலையில் வைத்து, லிஃப்டைச் சுற்றி கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். சுவர்தான் வந்துவிட்டதே, போதாதா?

போதாது. ஒரு சக்கரம் சிக்கிக்கொண்ட தள்ளுவண்டியைத் தள்ளினால், அது நேராகப் போகாமல் அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பும் இல்லையா? கட்டிடமும் அப்படித்தான். விறைப்பான லிஃப்ட் மூலை அசையாது, எதிர்மூலை வீசி ஆடும். முன்பக்க வலது தூண்கள்தான் முதலில் அடி வாங்கும்.

எனவே எதிர்ப்பக்கத்திலும் கான்கிரீட் சுவர் வேண்டும், இரண்டு திசைகளிலும் வேண்டும். வலது ஓரத்தில் மனையின் நீளவாக்கில் ஒரு சுவர் வைத்தால் எந்தக் காரையும் மறிக்காது. முன்பக்கம் 30 அடியில் கார் நுழைய 12 அடி விட்டாலும் 18 அடி மிச்சம். அதில் ஓரமாக 6 அடிக்கு இன்னொரு சுவர் வைக்கலாம். தடிமனும் கம்பியும் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவை.

இந்தச் சுவர்கள் அஸ்திவாரத்தில் தொடங்கி மொட்டை மாடி வரை போவது நல்லது. அப்படியானால் மேலே பெட்ரூமில் அந்த இடத்தில் ஜன்னல் வராது. பிளான் போடும்போதே பேச வேண்டியது இதைத்தான். 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 தரநிலையும், திறந்த தளத்தின் விறைப்பையும் வலுவையும் இரண்டு திசைகளிலும் கூட்டச் சொல்கிறது. கான்கிரீட் சுவர் அதற்கு ஒரு வழி.

மனைக்கு ஏற்றபடி 'எல்' வடிவத்தில் கட்டுவதாக இருந்தால், இரண்டு கைகளும் வெவ்வேறு விதமாக ஆடி, சேரும் உள்மூலையில் கிழியும். நடுவில் போதிய இடைவெளி விட்டு இரண்டு தனிச் செவ்வகங்களாகக் கட்டிவிடுவதே என் பார்வையில் தலைவலி இல்லாத வழி.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால்?

ஒருமுறை பார்க்கிங்கில் நின்று சுற்றிப் பாருங்கள். தூண்களைத் தவிர தரையிலிருந்து மேலே போகும் கான்கிரீட் சுவர் எங்காவது இருக்கிறதா? லிஃப்டைச் சுற்றி மட்டும், அதுவும் ஒரே மூலையில் என்றால், கட்டமைப்பு இன்ஜினியரிடம் காட்டுவது அவசியம். தூண்களைக் கூடுதல் கம்பி, கான்கிரீட் போட்டுப் பெரிதாக்கலாம். புதிய அஸ்திவாரத்தோடு கான்கிரீட் சுவரும் சேர்க்கலாம். செலவு புதிதாகக் கட்டும்போது ஆவதைவிட அதிகம்தான்.

ஆனால் நீங்களாகவே தூண்களுக்கு நடுவில் பாதி உயரத்துக்கு செங்கல் சுவர் கட்டி, மேலே காற்றுக்கு விட்டுவிடாதீர்கள். சுவர் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்வதால், முழுத் தூணும் வளைய வேண்டிய வளைவை மேலே மிஞ்சும் குட்டைத் துண்டு மட்டும் தாங்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டில் பெருக்கல் குறி போல விரிசல் விழுந்து தூண் உடையும்.