ஷூ தலைப்பில் எமோஜி: புரியுதா? க்ளிக் ஏறுதா?

ஆம்பூரில் சேஃப்டி ஷூ தைத்து விற்கும் நண்பர் ஒருவர் போன மாதம் தன் இணையதளப் பக்கத்தின் தலைப்பைக் காட்டினார்.

👢🔥 சேஃப்டி ஷூ | அசல் லெதர் ✅

"இப்படிப் போட்டா க்ளிக் ஏறும்னு பசங்க சொல்றாங்க சார். நிஜமா?"

"பாய், இதுல ரெண்டு கேள்வி இருக்கு. படிக்கிறவருக்குப் புரியுதா, க்ளிக் ஏறுதா. தனித்தனியா பார்க்கணும்" என்றேன். பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் புரிதல். ஒவ்வொரு எமோஜிக்கும் யூனிகோடில் ஓர் எண்ணும் பெயரும் உண்டு. 👢 என்பதன் எண் U+1F462, பெயர் "பெண்கள் பூட்ஸ்". பெரும்பாலான போன்களில் அதைக் குதிகால் உயர்ந்த பூட்ஸாகத்தான் வரைந்திருப்பார்கள். தொழிற்சாலைக்கு 200 ஜோடி வாங்க வரும் பர்ச்சேஸ்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடரில் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். அது படத்தின் பெயரை வாசிக்கும், அதனால் சேஃப்டி ஷூவுக்கு முன்னால் பெண்கள் பூட்ஸ், தீ என்று வரும். கடைசியில் உள்ள ✅ "செக் மார்க் பட்டன்" என்று ஒலிக்கும். அழுத்த அங்கே பட்டன் எதுவும் இல்லை.

வேறு படம் போடலாமே என்றால், சேஃப்டி ஷூவுக்கென்று எமோஜியே கிடையாது. 👞 ஆண்களின் சாதாரண ஷூ. 🥾 மலையேறும் பூட்ஸ். அதுவும் 2018-ல்தான் யூனிகோடில் வந்தது, பழைய போனில் வெறும் கட்டமாகத் தெரியலாம். நம்ம ஊரில் தயாராகும் பெல்ட்டுக்கும் ஆண்கள் பர்ஸுக்கும் தனிப்படம் இல்லை. தோலுக்கும் இல்லை. ஆட்டுத்தோல் என்று காட்ட 🐐 போட்டால், இளைஞர்கள் அதை "எல்லாரையும் விடப் பெரிய ஆள்" என்று படிப்பார்கள். ஆக, சொல்லுக்குப் பதிலாகப் படம் வைத்தால் அர்த்தம் நழுவும். சொல்லையும் வைத்துப் படத்தையும் வைத்தால், படம் வெறும் கண்ணிழுக்கும் புள்ளி.

அந்தப் புள்ளிக்காவது க்ளிக் வருமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒரு கணக்கு போடுவோம். எமோஜி இல்லாமல் பக்கம் 1,000 முறை தேடலில் தெரிந்து 30 க்ளிக் வந்தது, எமோஜியோடு 1,000 முறைக்கு 38 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் 3.8 ஆகிவிட்டது, "கால் பங்குக்கு மேல ஏறிடுச்சு" என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் இந்த அளவு தரவில், வித்தியாசத்தின் நியதிப் பிழையே சுமார் 0.8 சதவீதப் புள்ளி. அதாவது தலைப்பைத் தொடாமலே விட்டிருந்தாலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் சகஜம்.

3-லிருந்து 3.8-க்கு நிஜமாகவே ஏறினால் அதைப் பத்தில் எட்டு தடவையாவது கண்டுபிடிக்க, ஒவ்வொரு தலைப்பும் சுமார் 8,200 முறை தெரிய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 16,400. மாதம் 1,000 முறை தெரியும் பக்கத்துக்கு அது 16 மாத வேலை. கூகுள் சர்ச் கன்சோல் தரவு வைத்திருப்பதே 16 மாதம்தான்!

அதற்குள் வேறு விஷயங்களும் மாறிவிடும். தேடலில் எட்டாவது இடத்தில் இருந்த பக்கம் ஆறாவது இடத்துக்கு வந்தாலே க்ளிக் கூடும், பேரை எமோஜி வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரே தேடல் சொல்லை, ஏறக்குறைய ஒரே சராசரி இடத்தில் இருந்த வாரங்களை மட்டும் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, கூகுள் தலைப்பைத் தானே மாற்றி எழுதுவதுண்டு. எமோஜியை எடுத்துவிட்டும் காட்டும். நிஜமாகவே தெரிகிறதா என்று போனிலும் கணினியிலும் தேடிப் பார்க்காமல் கணக்குப் போடுவது வீண். கூகுளின் எழுத்து விளம்பரங்களில் அந்தச் சந்தேகமே வேண்டாம், அங்கே எமோஜிக்கு அனுமதி இல்லை.

நண்பரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "க்ளிக் பண்ணவங்கள்ல எத்தனை பேர் விலை கேட்டாங்க?" பெண்கள் பூட்ஸ் என்று நினைத்து வந்து திரும்பிப் போகிறவரும் க்ளிக் கணக்கில் சேருவார். ஆர்டர் நோட்டில் சேர மாட்டார். ஆயிரம் முறை தெரிந்ததற்கு எத்தனை விசாரிப்பு என்பதை எழுதி வைத்தால் அது தெரிந்துவிடும்.

கடைசியில் தலைப்பை இப்படி மாற்றினோம்:

ஸ்டீல் டோ சேஃப்டி ஷூ | பஃப் லெதர் | IS 15298

IS 15298 என்பது பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தர எண். அவருடைய ஷூ அந்தச் சான்று பெற்றது, வாங்குகிறவரும் அதைத்தான் தேடுகிறார். 👢 போட்ட இடத்தில் இந்த எண் வந்து உட்கார்ந்துகொண்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 🔥 இருக்கட்டும் என்று பாய் பிடிவாதமாகச் சொன்னார். அங்கே பார்ப்பவர்கள் அவரைத் தெரிந்தவர்கள், என்ன விற்கிறார் என்பதும் தெரியும். அதனால் நானும் மறுக்கவில்லை.