பிரின்சிபாலுக்கு ஓர் அம்மாவின் கடிதம்

மதுரையில் தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு முடித்த ஒரு பையன், அப்பாவின் வேலை காரணமாக அமெரிக்காவின் நியூஜெர்சியில் நான்காம் வகுப்பில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைப் படிவங்களில் ஒன்று, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடும் பெற்றோர் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பம். யாருக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பது என்று பள்ளி முடிவு செய்வதே அந்தப் பதிலை வைத்துத்தான்.

தவறாக எழுதியாகிவிட்டதா? பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதலாம். இதில் கெஞ்ச ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளி மாணவர்கள் தொடர்ந்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில், 1974-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவம் ஆகாது. பாடமே புரியாத பிள்ளைக்கு அதனால் பயனில்லை என்றது.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“என் மகன் நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதியதைத் திருத்திக்கொள்ளவும். தமிழில் கதைப் புத்தகம் தானே படிப்பான். பெருக்கல், வகுத்தல் தெரியும். ஆனால் கணக்கை ஆங்கில வாக்கியங்களில் கொடுத்தால் திணறுகிறான். அவனுக்கு ஆங்கிலத் திறன் தேர்வு நடத்தி, முடிவை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். சந்திப்புக்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை.”

தமிழில் படிப்பான், கணக்குத் தெரியும் என்ற வரிகளை வெறும் பெருமை என்று அடித்துவிடக் கூடாது. கடிதத்தின் உயிரே அவைதான். வாயே திறக்காத பிள்ளையைக் கற்றல் குறைபாடு உள்ளவன் என்று ஆசிரியர் எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆங்கிலம் தெரியாததையே முக்கியக் காரணமாக வைத்து ஒரு மாணவனைச் சிறப்புக் கல்வியில் சேர்க்க அங்கே சட்டம் இடம் தருவதில்லை. சிக்கல் மொழியில்தான், மூளையில் இல்லை என்பதற்கு அந்த வரிகள் சாட்சி.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கையும் தேர்வு அளக்கும். உதவி தேவை என்று தெரிந்தால், கல்வியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தனி வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

ஆறு மாதத்தில் பையன் ஆங்கிலத்தில் சண்டை போட ஆரம்பித்துவிட்டான் என்று அதை அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. விளையாட்டு மைதான ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டுகளில் படிந்துவிடும்; பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்கின்றன கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகள். நிறுத்தச் சொல்வதற்கு முன், வாசித்தலிலும் எழுதுதலிலும் என்ன மதிப்பெண் என்று பள்ளியிடம் கேளுங்கள்.