மூவாயிரத்துக்குக் கணக்கு

தலைமையாசிரியரின் கடிதம் ‘கட்டட நிதி ரூ.3,000, ஒரே முறை’ என்கிறது. நல்ல கடிதம் அதோடு நிற்காது.

ஓர் உதாரணம்: கழிப்பறைக் கட்டடத்துக்குக் கட்டுமானம் 18 லட்சம், குழாய், மின்வேலை 3 லட்சம், இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 3.78 லட்சம், மொத்தம் 24.78 லட்சம். நிர்வாகம் 9.78 லட்சம் போடுகிறது. மீதி 15 லட்சத்தை 500 குடும்பங்கள் பகிர்ந்தால் அந்த 3,000 வருகிறது.

‘இதர செலவு’ என்ற வரி பெருத்திருந்தால் சந்தேகப்படலாம். பணம் மிஞ்சினால் என்னவாகும் என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

கணக்கு சரியானாலும் வசூல் சரியாகிவிடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்ததற்கு மேல் தனியார் பள்ளிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது. பணம் கட்டுமுன் குழுவின் ஆணையைக் கேட்டுப் பாருங்கள்.