துணியைத் திருப்பிப் பாருங்கள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் போகிறவர்கள் அந்தச் சட்டையைப் பார்த்திருப்பார்கள். பொத்தான் கிடையாது. தளர்வாக, கழுத்தைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் அடர்ந்த அச்சுடன், வெளிநாட்டுப் பயணிகளுக்கான கடைகளில் தொங்கும். அதன் பெயர் டஷிகி. மேற்கு ஆப்பிரிக்க உடை. கைத்தறியும் ஆலைத்துணியும் வரும் பாடத்துக்காக அதில் ஒன்றை வாங்கி எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

முதலில் வெட்டைப் பார்த்தோம். தரையில் விரித்தால் அது ஆங்கில எழுத்து ‘டி’ போலக் கிடக்கிறது. தோளில் மடிப்புதான், தையல் இல்லை. உடலுக்கு ஏற்ற வளைவும் இல்லை. பக்கவாட்டில் தைத்து, கீழே சிறிது திறந்து விட்டிருக்கிறார்கள். கழுத்து வேலைப்பாடும் ஓரப்பட்டையும் தையல்காரர் சேர்த்தவை அல்ல. துணியிலேயே அந்தந்த இடத்தில் அச்சாகி வந்தவை. அச்சுக்குள் கழுத்தை வெட்டி, பக்கங்களைத் தைத்தால் சட்டை தயார். பரவலாகக் காணப்படும் இந்தக் கழுத்து வடிவத்தை 1960களில் நெதர்லாந்தின் விலிஸ்கோ ஆலை வரைந்தது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு.

அந்த ஆலையின் கதை ஜாவாவிலிருந்து வருகிறது. ஜாவாவில் மெழுகால் கோடு வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இதுவே பாத்திக். 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதை இயந்திரத்தில் செய்ய முயன்றார்கள். செப்பு உருளைகள் துணியின் இரு பக்கமும் பிசினைப் பதிக்கும். பிறகு துணி நீலச் சாயத்தில் இறங்கும். பிசின் விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து மெல்லிய நரம்புகளாக ஓடும். ஜாவா மக்களுக்கு இந்த நரம்புகள் குறையாகப் பட்டன. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தை அதையே விரும்பி வாங்கியது. இதுதான் மெழுகு அச்சுத் துணி, அதாவது வேக்ஸ் பிரிண்ட்.

எங்கள் டஷிகி அந்த வகையா? உட்புறத்தைத் திருப்பச் சொன்னேன். வெளியே அடர் நிறம். உள்ளே வெளிறிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட துணி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பயணி ஒருவர் கொடுத்த மெழுகு அச்சுத் துண்டில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாவது சோதனை இன்னும் நல்லது. ஒரே பூ துணியில் இரண்டு இடத்தில் வருமல்லவா, இரண்டிலும் நரம்புக் கோடுகளை ஒப்பிடுங்கள். உண்மையான மெழுகு அச்சில் அவை ஒருபோதும் ஒன்றாக இருக்காது. போலியில் நரம்பும் அச்சுதான். பூவோடு சேர்ந்து அப்படியே திரும்ப வரும். கரையில் உள்ள ஆலைப் பெயரை நம்ப வேண்டாம். அதையும் நகலெடுக்கிறார்கள்.

கானா நாட்டின் கென்டே துணியில் அச்சுக்கே இடமில்லை. நிறம் நூலில் இருக்கிறது. குமாசிக்கு அருகிலுள்ள பொன்வயர் ஊர் இதற்குப் பேர்போனது. ஏறக்குறைய நான்கு அங்குல அகலத்தில் நீளமான பட்டை நெய்து, வெட்டி, பக்கம் பக்கமாகத் தைப்பார்கள். ஓர் ஆண் போர்த்தும் துணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகள் வேண்டும்.

பட்டைக்குள் கட்டங்கள் மாறி மாறி வருவது எப்படி? தறியில் இரண்டு சோடி விழுதுகள். ஒன்றை இயக்கினால் பாவு நூல் மேலே தெரிந்து நீளக்கோடுகள் வரும். மற்றொன்று பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கும். அப்போது ஊடை நூல் நெருங்கி உட்கார்ந்து பாவையே மறைத்துவிடும். கோடு திடீரென மறைந்து குறுக்குக் கட்டை தோன்றுவது இதனால்தான். வகுப்பில் வண்ணக் காகித நாடாக்களைப் பின்னிக் காட்டினால் ஒரே பாடவேளையில் புரிந்துவிடும். கென்டே போல அச்சிட்ட துணியும் கடைகளில் உண்டு. நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் போதும்.

நூலில் நிறம் இருப்பதால் என்ன பயன் என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் நம் பக்கமே இருந்தது. சென்னைப் பகுதியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித்துணி, ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் நெடுங்காலம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் அதை இன்ஜிரி என்பார்கள். அவர்களுடைய பெண்கள் அதை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. வெளிர் நூல்களை ஊசியால் தூக்கி, பிளேடால் வெட்டி, உருவி எடுப்பார்கள். மிஞ்சும் இருண்ட நூல்களும் இடைவெளிகளும் சேர்ந்து புதிய வடிவம் தரும். இதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர்.

பழைய கட்டம் போட்ட கைலித் துண்டில் இதைச் செய்து பார்த்தோம். வெட்டும் வேலை என்னுடையது. உருவும் வேலை பிள்ளைகளுடையது. ஒரே கட்டத்தில் பாவையும் ஊடையையும் முழுக்க எடுத்த குழுவுக்கு ஓட்டைதான் கிடைத்தது. நூல் விட்டு நூல் எடுத்த குழுவின் துண்டு வலைபோல நின்றது. அச்சுத் துணியில் ஒரு நூலை உருவியபோது, ஒரே நூலில் சிவப்பும் கருப்பும் வெள்ளையும் துண்டு துண்டாகத் தெரிந்தன. அந்த நூலைக் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் கைலி நூலையும் ஒட்டச் சொன்னேன்.