நிரம்பாத குழாயே அதிகம் சுமக்கும்

தெருவுக்கடியில் ஓடும் பாதாளச் சாக்கடைக் குழாய் விளிம்புவரை நிரம்பி ஓடினால்தான் மிக அதிகத் தண்ணீரைக் கொண்டுபோகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. வட்டக் குழாய் தன் உயரத்தில் ஏறத்தாழ 94 சதவீதம் வரை மட்டும் நிரம்பியிருக்கும்போதுதான் அதன் கொள்திறன் உச்சத்தைத் தொடுகிறது. அப்போது செல்லும் தண்ணீர், முழுக்க நிரம்பிய நிலையைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதல்.

இதைக் கணக்கிட்டுக் காட்டுவது, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரம்:

V = (1/n) × R^(2/3) × S^(1/2)

V என்பது நீரின் வேகம். S குழாயின் வாட்டம், அதாவது எத்தனை மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு இறக்கம் என்பது. n குழாய்ச் சுவரின் சொரசொரப்பு. சிமென்ட் குழாய்க்குப் பொதுவாக 0.013 என்று வைத்துக்கொள்வார்கள். மீதமிருக்கும் R-இல்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் அடைத்திருக்கும் பரப்பை, தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது R. பரப்பு நீருக்கு வழிவிடுகிறது. சுவர் உராய்ந்து தடுக்கிறது. இந்த இரண்டில் எது வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்து ஓட்டம் கூடும், அல்லது குறையும்.

ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். விட்டம் 30 செ.மீ.; வாட்டம் 200 மீட்டருக்கு 1 மீட்டர். முழுக்க நிரம்பினால் வேகம் விநாடிக்கு 0.97 மீட்டர், ஓட்டம் விநாடிக்கு 68 லிட்டர். சரிபாதி நிரம்பினால் பரப்பும் பாதி, நனைந்த சுவரும் பாதி. அதனால் R மாறுவதில்லை, வேகமும் மாறுவதில்லை. ஓட்டம் மட்டும் 34 லிட்டராகிறது.

ஆழம் 28 செ.மீ. ஆகும்போது ஓட்டம் 73 லிட்டரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் மிஞ்சியிருப்பது குழாயின் கூரையை ஒட்டிய 2 செ.மீ. மட்டும். அந்த இடுக்கு நிரம்பினால் பரப்பு சுமார் மூன்று சதவீதம்தான் கூடும். ஆனால் வளைந்த கூரையில் சுமார் 16 செ.மீ. நீளச் சுவர் புதிதாக நனைந்துவிடும். வழி கூடியதைவிட உராய்வு பல மடங்கு கூடுவதால் ஓட்டம் 68 லிட்டருக்கு இறங்கிவிடுகிறது.

அப்படியென்றால் 94 சதவீத ஆழத்துக்கே வடிவமைக்கலாமே? கூடாது. அந்த உச்சத்தில் ஓட்டம் நிலையாக நிற்காது. சிறு அலை கூரையைத் தொட்டாலும் குழாய் சட்டென்று நிரம்பி, கொள்திறன் குறைந்து, தண்ணீர் மேன்ஹோலில் ஏறத் தொடங்கும். காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும். அதனால்தான் எதிர்கால உச்ச ஓட்டத்திலும் ஆழம் விட்டத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியப் பொறியாளர்கள் பின்பற்றும் விதி.

நடைமுறையில் கேள்வி பெரும்பாலும் தலைகீழாக வரும்: விநாடிக்கு 20 லிட்டர் கழிவுநீர் வருகிறது, அது எவ்வளவு ஆழத்தில் ஓடும்? சூத்திரத்தைத் திருப்பிப்போட்டு நேரடியாக விடை காண முடியாது. நீர்மட்டத்தின் இரு ஓரங்களையும் குழாயின் மையத்தோடு இணைத்தால் உண்டாகும் கோணம் θ என்றால், பரப்பு D²(θ − sin θ)/8. நனைந்த சுவர் Dθ/2. கோணம் சைனுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் அதைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. ஓர் ஆழத்தை ஊகித்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஆழம் 12 செ.மீ. என்று வைத்தால் θ 2.74 ரேடியன், பரப்பு 0.0264 சதுர மீட்டர், நனைந்த சுவர் 0.411 மீட்டர், வேகம் 0.87 மீட்டர். பெருக்கினால் 23 லிட்டர்; தேவைக்கு மேல். 9 செ.மீ. என்று வைத்தால் 13 லிட்டர், போதாது. இடையில் தேடினால் 11 செ.மீ. அருகே விடை நிற்கிறது, விநாடிக்கு 0.84 மீட்டர் வேகத்தோடு. மணல் படியாமலிருக்க இன்றைய உச்ச ஓட்டத்தில் 0.6 மீட்டராவது வேண்டும் என்பதால் இந்தக் குழாய் தேறிவிடுகிறது.

இந்தக் கணக்கு சீரான ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். நீண்ட, ஒரே வாட்டமுள்ள குழாயில், கீழே எந்தத் தடங்கலும் இல்லாமல் தண்ணீர் ஒரே ஆழத்தில் ஓட வேண்டும். அதே 20 லிட்டர் வரும்போது, மூடியைத் திறந்து மேலிருந்தே அளவுகோல் விட்டுப் பார்த்ததில் 20 செ.மீ. ஆழம் தெரிந்தால், வேகம் 0.4 மீட்டராகச் சுருங்கிவிட்டது என்று பொருள். கீழே எங்கோ அடைப்பு இருக்கலாம், மண் படிந்திருக்கலாம், குழாய் அமிழ்ந்து வாட்டம் கெட்டிருக்கலாம். வேகம் குறைந்த இடத்தில் மணல் மேலும் படியும். அடைப்பு இன்னும் வளரும்.

உங்கள் தெருவில் புதுக் குழாய் பதித்தால் விட்டத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், வாட்டத்தையும் கேளுங்கள். 200க்கு 1 என்று வரைபடத்தில் இருந்து, பள்ளத்தில் 400க்கு 1 என்று பதித்துவிட்டால், அதே 30 செ.மீ. குழாயின் முழுக் கொள்திறன் 68 லிட்டரிலிருந்து 48 லிட்டராகிவிடும்.