கையெழுத்து யாருடையது?

கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் மறுபடி நாள் தள்ளிப்போகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால், பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதைவிட, ‘வீட்டுக்காரர் கையெழுத்து கேட்பார்களோ?’ என்ற பயமே முதலில் வரும்.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். மாமியாருக்கும் இதில் வேலையில்லை! பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கருத்தடை தவறியதும் ஏற்கப்படும் காரணம்தான்; 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணமாகாதவருக்கும் இது பொருந்தும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும்.

வாரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 1 விலக்கானவருக்கு ஜூலை 20-ல் 7 வாரம். மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரைதான்.

மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் காட்டுவது ஸ்கேன். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மனசு முடிவுக்கு வராதவர்கள் 104-ல் பேசலாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், ‘டாக்டரிடம் தனியாகப் பேசணும்’ என்று கேட்கலாம். பெற்றுக்கொள்வதென்று தீர்மானித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பத்தைப் பதிவு செய்துவிடலாம்.